அரை மணித்தியாலத்தில் தொலைந்த ஐந்து மாதம்

எங்களில் ஒருத்தியின் அக்காவுக்குப் பேசின கலியாணம் போன மாசிமாதம் குழம்பிப் போச்சு. சீதனத்தில் இல்லை, சாதியில் இல்லை, வெளிநாட்டு விசாவிலும் இல்லை. "திசா சந்தி" என்றார்கள். பொருத்தம் பத்தில் ஏழு இருந்தது, செவ்வாய் சரி. ஆனால் பொம்பிளையின் சந்திர திசை முடியிற திகதியும் மாப்பிளையின் திசை முடியிற திகதியும் மூன்று மாதத்துக்குள் விழுகிறதாம். இரண்டு பேருக்கும் ஒரே நேரத்தில் திசை மாறினால் குடும்பம் ஆடும் என்பது நம்பிக்கை. ஆறு மாதமாவது இடைவெளி வேணும் என்று மாப்பிளை வீட்டுச் சாத்திரியார் சொல்லிப்போட்டார். அவ்வளவுதான்.

சாத்திரம் உண்மையா பொய்யா என்ற பழைய விவாதத்துக்கு நாங்கள் இங்க வரேல்லை. எங்களுக்குள்ளேயே அதில் ஒற்றுமை இல்லை. நாங்கள் கேட்கிறது அதைவிடச் சின்னக் கேள்வி: அந்த மூன்று மாதம் எங்க இருந்து வந்தது? ஒரு தாளில் "கர்ப்பச்செல் நீக்கி நின்ற சுக்கிர திசை இருப்பு வருஷம் 12 மாதம் 6 நாள் 0" என்று நாள் வரைக்கும் அச்சடிச்சுக் குடுத்தால் யாரும் திருப்பிக் கேட்கிறதில்லை. நாங்கள் கேட்டுப் பார்த்தம். கேட்கிறதுக்கு முதல் அந்தக் கணக்கைப் படிச்சம். நாங்கள் கலைப்பீடம், சாதாரண தரத்தோடு கணிதத்துக்குக் கும்பிடு போட்டவர்கள். எங்களுக்கே ஒரு பின்னேரத்தில் விளங்கினது. ஆகவே வாசிக்கிற உங்களுக்கும் விளங்கும்.

வானத்தில் சந்திரன் சுற்றி வருகிற பாதை 360 பாகை. அதை 27 நட்சத்திரமாகச் சமனாகப் பிரிச்சால் ஒன்றுக்கு 13 பாகை 20 கலை வரும். ஒரு பாகைக்கு 60 கலை. ஆக ஒரு நட்சத்திரம் 800 கலை. இந்த 800 என்ற எண்ணை மட்டும் மனதில் வைச்சிருங்கோ. ஒவ்வொரு நட்சத்திரத்துக்கும் ஒரு அதிபதி, அந்த அதிபதிக்கு இத்தனை வருசம் என்று ஒரு பங்கு. அச்சுவினியில் தொடங்கினால் கேது 7, சுக்கிரன் 20, சூரியன் 6, சந்திரன் 10, செவ்வாய் 7, ராகு 18, வியாழன் 16, சனி 19, புதன் 17. கூட்டினால் 120 வருசம். பத்தாவது நட்சத்திரமான மகத்தில் திரும்பவும் கேது, இருபதாவதுக்கு முன் மூலத்தில் இன்னொரு முறை. இதுதான் விம்சோத்தரி திசை.

ஒரு பிள்ளை பிறக்கிற நேரம் சந்திரன் எந்த நட்சத்திரத்தில் நிற்குதோ அதன் அதிபதியின் திசைதான் முதல் திசை. ஆனால் சந்திரன் அந்த நட்சத்திரத்தின் வாசற்படியில் நின்று பிள்ளைக்காகக் காத்திருக்கிறதில்லை. அது ஏற்கனவே கொஞ்சத் தூரம் போயிருக்கும். போன பங்குக்குரிய வருசங்கள் தாயின் வயிற்றிலேயே கழிஞ்சு போனதாகக் கொள்ளுவார்கள். அதுதான் "கர்ப்பச்செல்". மிச்சம் இருக்கிறது "இருப்பு". கணக்கு நாலாம் வகுப்பில் படிச்ச விகிதக் கணக்குத்தான்: மிச்சக் கலையை 800ஆல் பிரிச்சு, திசை வருசத்தால் பெருக்கிறது.

அக்காவின் குறிப்பையே எடுப்பம். (ஆளை மறைக்கிறதுக்காகவும் கணக்கு இலகுவாக வரவும் இலக்கங்களைக் கொஞ்சம் உருட்டியிருக்கிறம். கணக்கின் போக்கு அப்படியேதான்.) பிறந்தது 1999 மே மாதக் கடைசி, காலை 10.30. சாத்திரியாரின் கணினி சொன்ன சந்திரன் சிம்மத்தில் 18 பாகை 20 கலை. பூர நட்சத்திரம் சிம்மத்தில் 13 பாகை 20 கலையில் தொடங்குது. அப்ப சந்திரன் பூரத்துக்குள் 5 பாகை, அதாவது 300 கலை போயிட்டுது. மிச்சம் 500 கலை. பூரத்தின் அதிபதி சுக்கிரன், 20 வருசம்.

500 ÷ 800 × 20 = 12.5

பன்னிரண்டரை வருசம். தாளில் இருந்த 12 வருசம் 6 மாதம் 0 நாள் இதுதான். கணினி இல்லாத காலத்தில் இதையே பஞ்சாங்கத்தை வைச்சுச் செய்தார்கள். பூரம் எப்ப தொடங்கினது, எப்ப முடிஞ்சது என்று பஞ்சாங்கத்தில் இருக்கும். சந்திரன் அந்த நாளில் மணித்தியாலத்துக்கு 32 கலை ஓடினால் 800 கலையைக் கடக்க 25 மணித்தியாலம். பூரம் தொடங்கி 9 மணித்தியாலம் 22 நிமிசம் அளவில் பிள்ளை பிறந்தால் மிச்சம் 15 மணித்தியாலம் 38 நிமிசம். அதை 25ஆல் பிரிச்சு 20ஆல் பெருக்கினாலும் அதே பன்னிரண்டரைதான். தூரத்தால் அளந்தாலும் நேரத்தால் அளந்தாலும் விகிதம் ஒன்று.

பிறகு வெறும் கூட்டல். சுக்கிரன் முடிய வயது பன்னிரண்டரை. அதோட சூரியன் 6, பதினெட்டரை. அதோட சந்திரன் 10, இருபத்தெட்டரை. ஆக அக்காவின் சந்திர திசை முடியிறது 2027 நவம்பர் கடைசி. மாப்பிளையின் திசை முடியிறது 2028 பெப்ரவரி நடுப்பகுதி. இடையில் மூன்று மாதமும் இல்லை. சந்தி!

இதுவரைக்கும் கணக்கில் ஒரு பிழையும் இல்லை. கூட்டல், கழித்தல், பெருக்கல், பிரித்தல் எல்லாம் சரி. அதனால்தான் இது ஆபத்து. பிரித்தல் என்பது மரியாதை தெரியாத யந்திரம். உள்ளே நீங்கள் எதைப் போட்டாலும் வெளியே நாள் கணக்கில் விடை தரும். உள்ளே போட்டது எவ்வளவு திருத்தமானது என்று அது கேட்காது.

நாங்கள் கேட்டம். சுக்கிர திசையில் 800 கலைக்கு 20 வருசம் என்றால் ஒரு கலைக்கு எவ்வளவு? வருசத்துக்கு 360 நாள் என்று வைச்சால் சரியாக 9 நாள். சந்திரன் மணித்தியாலத்துக்கு சராசரி 33 கலை ஓடுது, ஒரு நிமிசத்துக்கு அரைக் கலைக்குக் கொஞ்சம் கூட. அப்ப பிறந்த நேரத்தில் ஒரு நிமிசம் பிசகினால் திசை இருப்பு ஐந்து நாள் பிசகும். நாள் வரைக்கும் சரியான இருப்பு வேணுமென்றால் பிறந்த நேரம் பன்னிரண்டு விநாடிக்குள் சரியாக இருக்க வேணும். தலை வெளிய வந்த நேரமா, முழுப்பிள்ளையும் வந்த நேரமா, கொடி அறுத்த நேரமா, அழுத நேரமா? இதில் எதை எடுக்கிறது என்று சாத்திரிமாருக்குள்ளேயே ஒரு முடிவில்லை. இவற்றுக்கிடையில் போறது விநாடி இல்லை, நிமிசங்கள். பிரசவ அறையில் நிற்கிற தாதி முதலில் பார்க்கிறது தாயை, பிறகு பிள்ளையை, பிறகுதான் மணிக்கூட்டை. அவர் 10.28ஐ 10.30 என்று எழுதினால் அதில் ஒரு குற்றமும் இல்லை. ஆனால் அந்த இரண்டு நிமிசம் தாளில் பத்து நாளாக வந்து நிற்கும்.

எல்லாருக்கும் இது ஒரே அளவு கடிக்காது. கார்த்திகை, உத்தரம், உத்தராடம் என்று சூரிய திசையில் பிறந்தவர்களுக்கு ஒரு கலை மூன்று நாளுக்கும் குறைவு. பரணி, பூரம், பூராடம் ஆக்களுக்குத்தான் கூட. அதை அடுத்து பூசம், அனுசம், உத்தரட்டாதி: சனி 19 வருசம், கலைக்கு எட்டரை நாள். எங்கட அம்மாமார் பயப்பிடுறது நட்சத்திரத்தின் ஓரத்தில் பிறந்த பிள்ளைகளுக்குத்தான், "பூரமோ உத்தரமோ தெரியேல்லையே" என்று. ஓரத்தில் நட்சத்திரப் பெயர் மாறும், பொருத்தம் பார்க்கிறதும் மாறும், அது உண்மை. ஆனால் திசைத் திகதிகள் அங்க பெரிசாகத் துள்ளாது. சுக்கிரனில் இரண்டு வாரம் மிஞ்சிப் பிறந்தாலும் சூரியனில் ரெண்டு வாரம் போய்ப் பிறந்தாலும் அதுக்குப் பிறகு வருகிற வரிசை கிட்டத்தட்ட ஒரே இடத்தில்தான் நிற்கும். பூரத்தின் நடுவில், ஒருவரும் சந்தேகப்படாத இடத்தில் பிறந்த பிள்ளைக்குத்தான் ஒரு நிமிசம் முழுசாக ஐந்து நாளைத் தின்னுது.

நிமிசத்துக்கே இப்படியென்றால் அரை மணித்தியாலத்துக்கு?

இந்த இடத்தில்தான் எங்கட தலைமுறை வருது. 1996 மே 25ஆம் திகதி இலங்கை அரசாங்கம் மின்சாரத் தட்டுப்பாட்டால் நாட்டின் மணிக்கூட்டை ஒரு மணித்தியாலம் முன்னுக்குத் தள்ளினது. கிறீனிச்சில் இருந்து ஐந்தரை மணித்தியாலமாக இருந்தது ஆறரையாகினது. அதே வருசம் ஒக்டோபர் 26ஆம் திகதி அரை மணித்தியாலத்தைத் திருப்பிக் குடுத்து ஆறு மணித்தியாலம் ஆக்கினார்கள். அது 2006 ஏப்ரல் 15 வரைக்கும் அப்படியே இருந்தது. பிறகுதான் பழைய ஐந்தரைக்கு வந்தம். புலிகளின் கட்டுப்பாட்டில் இருந்த வன்னியில் இந்த மாற்றத்தை ஏற்றுக்கொள்ளவே இல்லை. அங்க எப்பவும் ஐந்தரைதான். சமாதான காலத்தில் ஏ-9 பாதையால் போய் வந்த பெரியாக்களைக் கேட்டுப் பாருங்கோ. ஓமந்தை தாண்டினால் மணிக்கூட்டைத் திருப்ப வேணும். ஒரு நாட்டுக்குள் "பழைய நேரம்", "புதிய நேரம்" என்று இரண்டு நேரம்.

இண்டைக்குப் பல்கலைக்கழகத்தில் இருக்கிற எங்களில் அனேகமான ஆக்கள் இந்தப் பத்து வருசத்துக்குள் பிறந்தவர்கள். எங்களுக்கு இப்ப கலியாணம் பேசத் தொடங்கிற காலம், அல்லது அக்காமாருக்கு அண்ணாமாருக்குப் பேசுற காலம். எங்கள் ஒவ்வொருத்தரின் குறிப்பிலும் இந்த அரை மணித்தியாலம் எங்கேயோ ஒளிச்சுக் கிடக்கு.

அக்கா பிறந்தது வன்னியில். சாத்திரியாரின் மென்பொருளில் பிறந்த இடம் என்று அந்த ஊரைக் குடுத்தால் அது உலக நேரவலயப் பட்டியலில் `Asia/Colombo` என்பதை எடுக்குது. அந்தப் பட்டியலில் முழு இலங்கைக்கும் 1999இல் ஆறு மணித்தியாலம். மென்பொருள் தன் வேலையை ஒழுங்காகத்தான் செய்யுது, 10.30 என்று நீங்கள் குடுத்ததைப் புதிய நேரம் என்று நம்பிக் கணக்குப் போடுது. ஆனால் வன்னியில் 10.30 என்றால் பழைய நேரம் 10.30. கொழும்பு மணிக்கூட்டில் அது 11.00. சாத்திரியார் கணிச்சது பிள்ளை பிறக்கிறதுக்கு அரை மணித்தியாலம் முந்தின வானத்தை.

திருத்திப் போட்டுப் பார்த்தம். அரை மணித்தியாலத்தில் சந்திரன் இன்னும் 16 கலை ஓடியிருக்கும். சிம்மத்தில் 18 பாகை 36 கலை. போனது 316, மிச்சம் 484.

484 ÷ 800 × 20 = 12.1

12 வருசம் 1 மாதம் 6 நாள். கிட்டத்தட்ட ஐந்து மாதம் குறைஞ்சுபோச்சு. அதுக்குப் பிறகு வருகிற எல்லாத் திசையும் அதே ஐந்து மாதம் முன்னுக்கு வரும். சந்திர திசை முடியிறது 2027 நவம்பர் கடைசி இல்லை, யூலை தொடக்கம். மாப்பிளையின் பெப்ரவரிக்கும் இதுக்கும் இடையில் ஏழு மாதத்துக்கு மேல். அவர்களே வைச்ச ஆறு மாத விதிப்படி சந்தி இல்லை.

உடன கேட்பீர்கள், அது பழைய நேரம் என்று எப்படித் தெரியும் என்று. நாங்களும் கேட்டம். "எங்களுக்கு எப்பவும் அந்த நேரம்தானே பிள்ளை, வேற நேரம் எங்க இருந்தது" என்றா அவளின் அம்மா. தாயின் நினைவு மட்டும் போதாது என்று மாப்பிளை வீட்டார் சொல்லலாம், சொன்னார்களும். அசல் குறிப்புக் கொப்பி 2009இல் மற்ற எல்லாத்தோடும் போயிட்டுது. ஆனால் பிள்ளைக்குப் பேர் வைக்க எழுத்துக் கேட்டு அந்த நேரம் வவுனியாவில் இருந்த பெரியம்மாவுக்கு அனுப்பின ஒரு துண்டுக் கடதாசி கிடைச்சுது. ஊர்ச் சாத்திரியார் கையால் எழுதினது. அதில் மணி இல்லை. "உதயாதி நாழிகை 11 விநாழிகை 40" என்று இருந்தது.

இது பெரிய விசயம். உதயாதி நாழிகை என்றால் அன்றைக்குச் சூரியன் உதிச்சதில் இருந்து போன நேரம். ஒரு நாழிகை 24 நிமிசம், ஒரு விநாழிகை 24 விநாடி. 11 நாழிகை 40 விநாழிகை என்றால் 280 நிமிசம், 4 மணித்தியாலம் 40 நிமிசம். மே மாதக் கடைசியில் வன்னியில் சூரியன் உதிக்கிறது ஐந்தரைக் கணக்கில் காலை 5.50 அளவில். கூட்டிப் பாருங்கோ: 10.30. புதிய நேரத்து 10.30 என்றால் உதயத்தில் இருந்து 250 நிமிசம்தான் போயிருக்கும், 10 நாழிகை 25 விநாழிகை என்று எழுதியிருப்பார். அரசாங்கமும் இயக்கமும் மணிக்கூட்டை எப்படித் திருப்பினாலும் சூரியன் திரும்பேல்லை. உங்கட வீட்டில் கையால் எழுதின பழைய குறிப்பு இருந்தால் முதலில் தேட வேண்டியது இந்த ஒரு வரியைத்தான். அதையும் பிறந்த மணியையும் ஒப்பிட்டால் எந்த நேரம் என்று அஞ்சு நிமிசத்தில் பிடிச்சுப்போடலாம். 1996 மே தொடக்கம் ஒக்டோபர் வரைக்கும் பிறந்தவர்கள் கூடக் கவனமாக இருக்க வேணும். அவர்களுக்குத் தவறு அரை இல்லை, முழு மணித்தியாலம்.

மறுவளமாகவும் பிழை வரும். கொழும்பிலோ வவுனியா நகரத்திலோ புதிய நேரத்தில் பிறந்த பிள்ளைக்கு, எப்பவும் ஐந்தரை என்று நினைச்சு வைச்சிருக்கிற பழைய மென்பொருளில் அல்லது கையால் கணக்குப் போட்டால், சந்திரனை 16 கலை கூட ஓடவிட்டு இருப்பைக் குறைச்சுப் போடுவார்கள். ஆகவே "நாங்கள் அரசாங்க இடத்தில் பிறந்தம், எங்களுக்குப் பிரச்சினை இல்லை" என்று யாரும் நிம்மதியாக இருக்க ஏலாது.

இந்தக் கணக்கை எழுதிக்கொண்டு நாங்கள் மூன்று பேர் அந்தச் சாத்திரியாரிட்டயே போனம். மரியாதையாகத்தான் போனம். அவர் கடதாசியைப் பார்த்தார், நாழிகையைப் பார்த்தார், கணக்குச் சரிதான் என்று ஒத்துக்கொண்டார். பிறகு, "ஆனா தங்கச்சி, பொடியன்ர குறிப்பு வாக்கியத்தில எழுதினது" என்றார். அதாவது பெட்டையின் குறிப்பு கணினியில் திருக்கணிதம், பொடியனின் குறிப்பு அவன் பிறந்தபோது வாக்கியப் பஞ்சாங்கத்தை வைச்சு எழுதினது. இரண்டு வேறு அடிமட்டத்தால் அளந்த இரண்டு நீளத்தை வைச்சு மூன்று மாதம் இடைவெளி என்று சொல்லியிருக்கினம்!

வாக்கியம் என்பது சந்திரனின் நாளாந்த இடத்தைச் சொல்லுகிற பழைய வாய்பாடு. 248 நாளுக்கு 248 வாக்கியம், மனப்பாடம் செய்யக்கூடிய சொற்களாக. அந்தக் காலத்துக்கு அது அற்புதமான வேலை. நாங்கள் அதை இளக்காரமாகப் பேச மாட்டம். ஆனால் பழைய கணிதம் கிரகணத்தைக் குறி வைச்சுத் தீட்டப்பட்டது. கிரகணம் வருகிறது அமாவாசையிலும் பறுவத்திலும். அதனால் அந்த நாட்களில் வாக்கியச் சந்திரன் உண்மைச் சந்திரனுக்குக் கிட்ட நிற்கும். அரைச் சந்திரன் நாட்களில், அட்டமியை அண்டி, சூரியனின் இழுப்பால் சந்திரனுக்கு வருகிற இன்னொரு ஆட்டத்தை அந்த வாய்பாடு கணக்கில் எடுக்கிறதில்லை. அப்ப ஒரு பாகை, சில நாள் இரண்டு பாகைக்கு மேலேயும் விலகும். பொடியன் சதயம், ராகு திசை 18 வருசம், ஒரு கலைக்கு எட்டு நாள் சொச்சம். ஒரு பாகை பிசகினாலே 486 நாள், ஒரு வருசம் நாலு மாதம். அவனது பெப்ரவரி 2028 எங்க போய் நிற்கும் என்று அவன் பறுவத்தில் பிறந்தானா அட்டமியில் பிறந்தானா என்று பார்த்தால்தான் தெரியும். அதை அந்த வீட்டில் யாரும் பார்க்கேல்லை.

திருக்கணிதத்துக்குள்ளேயும் சண்டை இருக்கு. அயனாம்சம் என்று ஒன்றைக் கழிச்சுத்தான் சந்திரனின் நட்சத்திர இடத்தை எடுப்பார்கள். அனேகர் பாவிக்கிறது லாகிரி. பி. வி. ராமன் பாவிச்ச அயனாம்சம் அதில் இருந்து கிட்டத்தட்ட ஒன்றரைப் பாகை வேறு. சுக்கிர திசைக்காரருக்கு அது இரண்டு வருசத்துக்கு மேல். மென்பொருளில் ஒரு பொத்தானை மாற்றி அமர்த்தினால் போதும். இதைப்பற்றி நீட்ட விருப்பமில்லை. ஆனால் உங்கட தாளின் அடியில் எந்த அயனாம்சம் என்று எழுதியிருக்கா என்று ஒருக்கால் பாருங்கோ.

சிலர் சொல்லுவார்கள், நல்ல சாத்திரியார் வாழ்க்கைச் சம்பவங்களை வைச்சுப் பிறந்த நேரத்தைத் திருத்தி எடுப்பார் என்று. எப்ப பள்ளிக்கூடம் மாறினது, எப்ப தகப்பன் செத்தது, எப்ப இடம்பெயர்ந்தது என்று கேட்டு, அதுக்குப் பொருந்துகிற திசை வருகிற மாதிரி நேரத்தை முன்ன பின்ன நகர்த்துறது. சரி. ஆனால் வன்னியில் 2008, 2009இல் இருந்த பிள்ளைகள் எல்லாருக்கும் ஒரே மாதங்களில்தான் வீடு போனது, ஆக்கள் போனது. பூரத்துக்கும் போனது, சதயத்துக்கும் போனது. அந்தச் சம்பவங்களை வைச்சு எந்தப் பிள்ளையின் எந்த நிமிசத்தைத் திருத்தப் போறீர்கள்?

எங்கட பகுத்தறிவு நண்பர்களோடும் ஒரு கோபம் இருக்கு. இந்தக் கதையைச் சொன்ன உடன, "எல்லாம் மூடநம்பிக்கை, எரிச்சுப் போடுங்கோ" என்று சிரிச்சுப்போட்டுப் போயிட்டார்கள். சிரிக்கிறது இலகு. ஆனால் விறாந்தையில் நாலு பெரியாக்கள் தாளை விரிச்சு வைச்சுக்கொண்டு இருக்கேக்கை, "இது மூடநம்பிக்கை" என்று ஒரு பெட்டை சொன்னால் வாய்க்கொழுப்பு என்பார்கள். "இந்த 10.30 எந்த நேரம்? இது வாக்கியமா திருக்கணிதமா? ஒரு நிமிசத்துக்கு எத்தனை நாள்?" என்று கேட்டால் பதில் சொல்லியாக வேணும். அவர்களின் விதியை வைச்சே கேட்கிற கேள்விக்கு வாய்க்கொழுப்பு என்ற பதில் செல்லாது.

இன்னொன்றையும் மறைக்காமல் சொல்ல வேணும். சந்தி என்பது பல வீடுகளில் மரியாதையான மறுப்பு. காணி காணாது, நிறம் காணாது, முகாமில் இருந்த குடும்பம் என்று முகத்துக்கு நேர சொல்ல ஏலாது. "குறிப்புப் பொருந்தேல்லை" என்றால் ஒருவரும் கோவிக்க மாட்டார்கள். நாள் வரைக்கும் அச்சடிச்ச தாள் இதுக்கு நல்ல மறைப்பு. அக்காவின் விசயத்திலும் அப்படி ஏதும் இருந்திருக்கலாம், எங்களுக்குத் தெரியாது. ஆனால் அந்த மறைப்பைக் கணக்கு என்ற பெயரில் விரிக்க விடக்கூடாது. பிடிக்கேல்லை என்றால் பிடிக்கேல்லை என்று சொல்லட்டும்.

குறிப்பு எழுதுகிறவர்களிட்ட நாங்கள் கேட்கிறது பெரிய புரட்சி இல்லை. பிறந்த நேரம் கேட்கேக்கை, 1996 மே தொடக்கம் 2006 ஏப்ரல் வரைக்கும் பிறந்த ஆள் என்றால் பழையதா புதியதா என்று கேளுங்கோ, கேட்டதைத் தாளில் எழுதுங்கோ. எந்தப் பஞ்சாங்கம், எந்த அயனாம்சம் என்று எழுதுங்கோ. இரண்டு குறிப்பையும் ஒரே முறையில் திரும்பக் கணிக்காமல் சந்தி பார்க்காதேயுங்கோ. இருப்பை எழுதேக்கை நாளை விடுங்கோ. நேரம் ஐந்து நிமிசம் கூடக்குறைய இருக்கலாம் என்றால், சுக்கிர திசைக்கு "12 வருசம் 1 மாதம், ஒரு மாதம் முன்பின்" என்று எழுதுங்கோ. அப்படி எழுதினால் உங்கட மதிப்புக் குறையாது, கணக்குத் தெரிஞ்ச ஆள் என்றுதான் நினைப்பம்.

அந்தச் சாத்திரியார் கடைசியில் புதுத் தாள் ஒன்று அடிச்சுத் தந்தார், இரண்டு பேருடையதும் திருக்கணிதத்தில். காசு வாங்கேல்லை. அதை அக்காவின் தகப்பன் மாப்பிளை வீட்டுக்குக் கொண்டுபோய்க் குடுத்து மூன்று கிழமை. இன்னும் பதில் வரேல்லை. பெரியம்மாவின் துண்டுக் கடதாசியைப் பிளாஸ்ரிக் உறைக்குள் போட்டு வைச்சிருக்கிறம். கிளினிக் அட்டையில் 10.30க்குப் பக்கத்தில் அவளின் அம்மா பேனையால் "ப.நே." என்று எழுதியிருக்கிறா.